சேஃப்டி வால்வின் வாயை அடைத்துவிட்டுப் போயிருக்கிறார் பிளம்பர்: இன்ஸ்டன்ட் ஹீட்டரை இப்படியே ஓட்டலாமா?

மேல்மாடி எழுதியது:

வணக்கம். குளியலறையில் 15 லிட்டர் பழைய ஹீட்டரைக் கழற்றிவிட்டு 3 லிட்டர், 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் மாட்டினோம். மேல்தொட்டி எங்கள் தலைக்கு மேலேயே இருப்பதால் ஷவரில் தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். அதனால் கூடவே ஒரு பிரஷர் பம்பும் வைத்தாயிற்று.

பிளம்பர் பழைய ஹீட்டரில் இருந்த சேஃப்டி வால்வையே புதியதற்கும் மாட்டினார். மறுநாளே அதன் பக்கவாட்டு மூக்கிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. திரும்பக் கூப்பிட்டதும் வந்து, மூக்கில் ஒரு டம்மி போட்டு இறுக்கிவிட்டார். "இன்ஸ்டன்ட்டுக்கு இதெல்லாம் தேவையே இல்லை, சும்மா ஒரு வழக்கத்துக்குப் போடுறது" என்றார். சொட்டு நின்றுவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் உறுத்தல்.

எலக்ட்ரீஷியன் வேலையும் முடிந்தது. பழைய சாக்கெட் பெட்டிக்கு இரண்டு ஒயர்தான் வந்திருந்தது. "பாக்ஸுக்குள்ளேயே எர்த் கொடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஹீட்டர் நன்றாகச் சுடுகிறது. கேள்வி வால்வைப் பற்றி மட்டும்தான்: அடைத்தது சரியா?

அரைக்கிணறு எழுதியது:

பிளம்பர் சொன்னது சரிதான் நண்பரே. இன்ஸ்டன்ட்டில் தண்ணீர் தேங்காது, ஓடிக்கொண்டே சுடும். தேங்கினால்தானே அழுத்தம் ஏறும்? எங்கள் சமையலறையில் இருப்பதற்கு வால்வே கிடையாது, பல வருடமாக ஒன்றும் ஆகவில்லை. நிம்மதியாகக் குளியுங்கள்.

குழாய்க்காரர் எழுதியது:

அரைக்கிணறு தம்பி, உங்கள் சமையலறை ஹீட்டருக்கு நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். அதன் சுடுநீர் வாய் எப்போதும் திறந்தே இருக்கிறதா என்று பாருங்கள். சில சின்ன ஹீட்டர்களில் குளிர்நீர் உள்ளே வருகிற பக்கம்தான் குழாய் இருக்கும். வெளியே போகிற பக்கம் வெறும் வளைந்த குழல், மூட வழியே கிடையாது. அப்படிப்பட்டதில் தொட்டிக்குள் அழுத்தம் ஏறாது. அதற்குப் போய் வெளியே ஒரு குழாய் மாட்டி மூடினால்தான் ஆபத்து.

மேல்மாடி சாரின் குளியலறை அப்படி இல்லை. சுடுநீர் மிக்சருக்குப் போகிறது, மிக்சரை மூடினால் 3 லிட்டரும் உள்ளே அடைபட்டுக் கிடக்கும். "இன்ஸ்டன்ட்" என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் அது ஒரு குட்டித் தொட்டிதான். நிறையத் தண்ணீர் கொடுப்பதற்கு 3 கிலோவாட் போதாது என்பதால்தான் அந்த 3 லிட்டரைச் சுடவைத்து வைத்துக்கொள்கிறது.

கணக்கே பார்க்கலாம். 25 பாகையில் இருக்கிற 3 லிட்டரை 65 பாகைக்கு ஏற்ற 3 கிலோவாட்டுக்கு மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அந்த நேரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 50 மில்லி விரியும். பழைய முறையில், வால்வே இல்லாமல் நேராக மேல்தொட்டியிலிருந்து வந்த குழாய் என்றால் அந்த 50 மில்லி வந்த வழியே பின்னால் தள்ளிக்கொண்டு போய்விடும். ஆனால் உங்கள் சேஃப்டி வால்வுக்குள்ளேயே ஒரு நான்-ரிட்டர்ன் இருக்கிறது. அது பின்னால் போக விடாது. மிக்சரும் மூடியிருக்கிறது. தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. அப்புறம் அந்த 50 மில்லி எங்கே போகும்? வால்வின் மூக்கு வழியாகத்தான் போக வேண்டும். அந்த மூக்கைத்தான் டம்மி போட்டு மூடியிருக்கிறார்.

முதலில் ஹீட்டர் ஸ்விட்சை அணையுங்கள். அணைத்துவிட்டு, ஆறின பிறகு டம்மியைக் கழற்றுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

பழைய ஒயர்மேன் எழுதியது:

குழாய்க்காரர் வால்வைப் பார்த்துக்கொள்வார். எனக்கு இன்னொரு வரிதான் கண்ணில் பட்டது. இரண்டு ஒயர் வந்த பெட்டிக்குள் "எர்த் கொடுத்துட்டேன்" என்றால் எங்கிருந்து கொடுத்தார்? பெட்டிக்குள் எர்த் முளைக்காது சார். மெயினை அணைத்துவிட்டு சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்கிற வரை யாரும் அந்த ஷவரைத் தொட வேண்டாம்.

கேட்டுப்போக எழுதியது:

எங்கள் வீட்டில் கேஸ் ஹீட்டர். தண்ணீரைத் திறந்தால் பட் பட் என்று சத்தம் வந்து பிறகுதான் பற்றிக்கொள்கிறது. அதற்கும் இதே வால்வுப் பிரச்சினையாக இருக்குமா?

குழாய்க்காரர் எழுதியது:

அது வேறு கதை அம்மா. இங்கே பேசுவது கரண்ட் ஹீட்டர். பற்றவைக்கிற பகுதியை ஆள் வைத்துப் பார்த்துவிடுங்கள், ஜன்னலைத் திறந்தே வையுங்கள்.

மேல்மாடி எழுதியது:

டம்மியைக் கழற்றிவிட்டேன். ஸ்விட்சும் அணைத்தாயிற்று. குளிர்நீர்தான் இப்போதைக்கு.

ஆனால் ஒன்று புரியவில்லை. பழைய ஹீட்டரில் இதே வால்வு ஒருநாளும் சொட்டியதில்லை. இப்போது ஏன் சொட்ட வேண்டும்? பம்ப் வைத்ததாலா? ஹீட்டரின் தகட்டில் 0.65 மெகாபாஸ்கல் என்று இருக்கிறது. பம்பின் தகட்டில் அதிகபட்ச ஹெட் 35 மீட்டர்.

குழாய்க்காரர் எழுதியது:

நல்ல கேள்வி, தகட்டைப் படித்துச் சொன்னதற்கு நன்றி. பாதிப் பேர் அதைப் படிப்பதே இல்லை.

0.65 மெகாபாஸ்கல் என்றால் 6.5 பார். ஹீட்டருக்குள் அதற்கு மேல் அழுத்தம் போகவே கூடாது என்று அர்த்தம். தண்ணீர்த் தூண் 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார். மேல்தொட்டி உங்களுக்கு 4 மீட்டர் மேலே இருந்தால் பம்ப் இல்லாதபோது வெறும் 0.4 பார். பம்ப் தண்ணீர் ஓடாமல் முட்டி நிற்கும்போது 35 மீட்டரைத் தள்ளும், அது 3.5 பார். இரண்டும் சேர்ந்து 3.9. ஆக, ஓடாமல் நிற்கிற அழுத்தத்தைப் பார்த்தால் நீங்கள் எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள். உயரமான கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும். தொட்டி 60 மீட்டர் மேலே, நடுவில் அழுத்தம் குறைக்கும் வால்வு எதுவும் இல்லை என்றால், பம்பே இல்லாமல் 6 பார் வந்து நிற்கும்.

உங்களுக்கு என்ன ஆகியிருக்கிறது என்றால், முன்பு 0.4-ல் இருந்து ஏற வேண்டியிருந்தது. அதோடு அந்தப் பழைய தொட்டியின் தலையில் எங்காவது கொஞ்சம் காற்று சிக்கியிருந்திருக்கும், விரிவை அது தாங்கியிருக்கும். இது என் ஊகம்தான். இப்போது 3.9-ல் இருந்து ஆரம்பிக்கிறது. குட்டித் தொட்டி, விளிம்பு வரை தண்ணீர், காற்று இல்லை. சட்டென்று ஏறிவிடும்.

சொட்டு எப்போது வந்தது என்று நினைவிருக்கிறதா? சுடும்போது மட்டும் சொட்டி, தெர்மோஸ்டாட் விளக்கு அணைந்ததும் நின்றால் அது வால்வு தன் வேலையைச் செய்கிறது. ஸ்விட்சே போடாதபோதும் நாள் முழுக்கச் சொட்டினால் உள்ளே துகள் சிக்கியிருக்கிறது, அல்லது வருகிற அழுத்தமே அதிகம். மிக்சரைப் படக்கென்று மூடுகிற சமயத்தில் மட்டும் ஒரு பீச்சு பீச்சினால் அது குழாய்க்குள் தண்ணீர் முட்டுகிற அதிர்ச்சி.

இன்னொன்று, இதுதான் முக்கியம். அந்தப் பழைய வால்வின் உடம்பில் ஒரு எண் குத்தியிருக்கும். அது என்ன?

மேல்மாடி எழுதியது:

டார்ச் அடித்துப் பார்த்தேன். 0.8 என்று குத்தியிருக்கிறது. பக்கத்தில் ஒரு அம்புக்குறி. நாள் முழுக்கச் சொட்டியது, சுடும்போது கொஞ்சம் அதிகமாக.

குழாய்க்காரர் எழுதியது:

அப்படியானால் அந்த வால்வே இந்த ஹீட்டருக்கு ஆகாது. 0.8 என்றால் 8 பாருக்குத்தான் திறக்கும். உங்கள் ஹீட்டரின் எல்லை 6.5. அதாவது வால்வு விழித்துக்கொள்ளும் முன்பே தொட்டி தன் எல்லையைத் தாண்டியிருக்கும். பழைய ஹீட்டரின் எல்லை 8 ஆக இருந்திருக்கும், அதற்கு அது பொருத்தம். புதியதோடு வந்த பெட்டியில் ஒரு வால்வு இருந்திருக்க வேண்டும், தேடிப் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் மாடலுக்கான உதிரியைக் கேட்டு வாங்குங்கள். குத்தியிருக்கும் எண் தகட்டில் இருப்பதைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் விதி.

நாள் முழுக்கச் சொட்டியதற்கு அழுத்தம் காரணமில்லை, 3.9-க்கு 8 பார் வால்வு திறக்காது. பழையதைக் கழற்றி மாட்டும்போது உப்புப் படிவம் ஒரு துணுக்கு இருக்கையில் சிக்கியிருக்கும். நெம்புகோலை இரண்டு முறை தூக்கி விட்டால் சில சமயம் கழுவிக்கொண்டு போய்விடும். உங்கள் பிளம்பர் அதைச் செய்து பார்த்திருக்கலாம், டம்மி கைக்கு எட்டியது போலிருக்கிறது.

மாட்டும்போது மூன்று விஷயம் பாருங்கள். அம்பு ஹீட்டரைப் பார்த்து இருக்க வேண்டும். வால்வு குளிர்நீர் வாயில், ஹீட்டருக்கு ஒட்டியே இருக்க வேண்டும். மூடுகிற குழாய் வேண்டுமென்றால் அது வால்வுக்கு முன்னால்தான் வரலாம். வால்வுக்கும் ஹீட்டருக்கும் நடுவில் ஒரு குழாய் வைத்தால் அதை யாரோ ஒருநாள் மூடுவார்கள், அப்போது வால்வு இருந்தும் இல்லாத மாதிரிதான். மூக்கிலிருந்து ஒரு சின்ன டியூப் மாட்டிக் கீழ்நோக்கிச் சாய்த்து வடிகாலுக்கு மேலே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி விடுங்கள். அதன் நுனியைத் தண்ணீரில் முக்க வேண்டாம், சுவருக்குள் புதைக்கவும் வேண்டாம். சொட்டு தெரிந்தால்தான் ஏதோ நடக்கிறது என்று தெரியும்.

அரைக்கிணறு எழுதியது:

சரி, என் சமையலறை ஹீட்டரைப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரி வெளிப்பக்கம் திறந்த குழல்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தெர்மோஸ்டாட் இருக்கும்போது எப்படி வெடிக்கிற அளவுக்குப் போகும்? 65-ல் அணைந்துவிடுமே.

குழாய்க்காரர் எழுதியது:

தெர்மோஸ்டாட்டின் தொடர்புப் புள்ளி ஒட்டிக்கொண்டால் அணையாது. அதற்குத்தான் இரண்டாவதாக ஒரு கட்-அவுட், நிறைய மாடல்களில் மூன்றாவதாக உருகி வழிவிடும் பிளக். மூன்றும் கைவிட்ட பிறகு கடைசிக் கதவு இந்த வால்வு.

மூடிய தொட்டியில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது. 6 பார் அழுத்தத்தில் 160-ஐத் தாண்டித்தான் கொதிக்கும். அப்படி 160-ல் இருக்கிற தண்ணீருக்குத் தொட்டி விரிசல் விட்டதும் திடீரென்று அழுத்தம் போய்விட்டால், ஒரு பங்கு அந்தக் கணமே ஆவியாகிறது. தண்ணீர் ஆவியானால் ஆயிரம் மடங்குக்கு மேல் இடம் கேட்கும். நீங்கள் படத்தில் பார்க்கிற, சுவரோடு பிய்த்துக்கொண்டு போன ஹீட்டர்கள் அப்படித்தான் போகின்றன. வெறும் தண்ணீர் அழுத்தத்தால் வெடித்தால் பிளந்து ஒழுகும், அவ்வளவே.

பழைய ஒயர்மேன் எழுதியது:

மேல்மாடி சார், சாக்கெட்டைப் பார்த்தீர்களா?

மேல்மாடி எழுதியது:

என் மைத்துனன் மெயினை அணைத்துவிட்டுக் கழற்றினான். மேலே இருக்கிற பெரிய எர்த் முனையிலிருந்து ஒரு சின்னத் துண்டு ஒயர் நியூட்ரல் முனைக்குப் போகிறது. அவ்வளவுதான். பெட்டிக்குள் வேறு ஒயர் எதுவும் வரவில்லை. எலக்ட்ரீஷியனிடம் போனில் கேட்டேன், "நியூட்ரலும் எர்த்தும் கடைசியில் ஒண்ணுதான் சார், டெஸ்ட் லாம்ப் வெச்சுக் காட்டட்டுமா" என்கிறார்.

பழைய ஒயர்மேன் எழுதியது:

பயந்தது போலவே இருக்கிறது. ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். அந்தத் துண்டைக் கழற்றச் சொல்லுங்கள்.

அவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை. பல ஊர்களில் நியூட்ரலும் எர்த்தும் ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலோ மீட்டருக்கு முன்போ ஓரிடத்தில் சேர்கின்றன. ஆனால் அங்கே சேர்வதும் உங்கள் குளியலறைச் சாக்கெட்டில் சேர்வதும் ஒன்றல்ல. சாக்கெட்டிலிருந்து போர்டு வரை நியூட்ரல் ஒரே ஒரு ஒயர். அதில் எங்காவது ஒரு இணைப்பு தளர்ந்துவிட்டது என்று வையுங்கள். ஒரு கனெக்டர் திருகு கருகினால் போதும். ஹீட்டர் ஸ்விட்ச் போட்டிருக்கிறது. ஃபேஸ் எலிமென்ட் சுருள் வழியாக வந்து நியூட்ரல் முனையில் நிற்கிறது, மேலே போக வழியில்லை. அந்த முனையிலிருந்து துண்டு ஒயர் எர்த் பின்னுக்கு, எர்த் பின்னிலிருந்து ஹீட்டரின் உடம்புக்கு. இப்போது உடம்பு முழுக்க 230 வோல்ட். ஹீட்டரில் ஒரு பழுதும் இல்லை, புத்தம் புதியது. சுடவில்லையே என்று கைவைத்துப் பார்ப்பவர் அதை முதலில் தெரிந்துகொள்வார்.

டெஸ்ட் லாம்ப் காட்டுவார், அது எரியும். ஃபேஸுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே வைத்தால் நியூட்ரலோடு கட்டியிருந்தாலும் எரியத்தானே செய்யும். அந்தச் சோதனை இந்தத் தப்பைக் கண்டுபிடிக்காது.

இன்னும் மோசம், போர்டில் ஆர்சிசிபி இருந்தாலும் அது கண்ணை மூடிக்கொண்டிருக்கும். அது பார்ப்பது ஃபேஸில் போனது நியூட்ரலில் திரும்புகிறதா என்று மட்டும். உடம்பில் கசிகிற கரண்ட் இந்தத் துண்டு வழியாக நியூட்ரலுக்கே திரும்பிவிடுகிறது. கணக்கு சரியாக வருகிறது, அது ஏன் விழப்போகிறது? டெஸ்ட் பட்டனை அமுக்கினால் மட்டும் ஜம்மென்று விழும், ஏனென்றால் அந்தப் பட்டனின் சோதனை அதற்குள்ளேயே நடக்கிறது, உங்கள் சாக்கெட்டுக்கு வருவதில்லை.

உப்புநீர் எழுதியது:

இதைப் படித்ததும் எனக்குக் கை நடுங்குகிறது. எங்கள் வீட்டில் ஷவர் கைப்பிடியைப் பிடித்தால் லேசாகச் சுறுசுறுவென்று இருக்கும். ரப்பர் செருப்பு போட்டால் தெரிவதில்லை. போன வருடம் ஆர்சிசிபி அடிக்கடி விழுந்துகொண்டே இருந்தது. வந்தவர் ஹீட்டரின் எர்த்தைக் கழற்றிவிட்டார், அதன் பிறகு விழவில்லை. அப்போதிருந்துதான் இந்தச் சுறுசுறுப்பு என்று இப்போது யோசித்தால் தோன்றுகிறது. போர் தண்ணீர், பிளாஸ்டிக் குழாய். பிளாஸ்டிக்கில் கரண்ட் எப்படி வரும்?

பழைய ஒயர்மேன் எழுதியது:

அம்மா, இன்றைக்கே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது. ஸ்விட்ச் தவறுதலாக நியூட்ரலில் இருந்தால் ஃபேஸ் உள்ளேயேதான் நிற்கும். செருப்பு போட்டுக் குளிப்பது தீர்வு இல்லை.

எலிமென்ட் என்பது ஒரு செம்புக் குழலுக்குள் சுருள், நடுவில் வெள்ளைப் பொடி. உப்புத் தண்ணீரில் குழல் அரித்துப் பொத்தல் விழுந்தால் தண்ணீர் பொடிக்குள் ஊறி, ஃபேஸ் தண்ணீரைத் தொடும். அப்போது எர்த் ஒயர் இருந்ததால் கசிவு அதன் வழியே போனது, ஆர்சிசிபி அதைப் பார்த்து விழுந்தது. அதாவது ஹீட்டர் கெட்டுவிட்டது என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. வந்தவர் சொல்கிறவன் வாயை அடைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிளாஸ்டிக்கில் வரவில்லை, உள்ளே இருக்கிற தண்ணீரில் வருகிறது. அரை இஞ்ச் குழாயில் ஒரு மீட்டர் நீளத் தண்ணீர், சாதாரணக் குடிநீராக இருந்தால், ஒரு லட்சம் ஓம் சுமாருக்கு இருக்கும். 230 வோல்ட்டுக்கு 2 மில்லி ஆம்பியர், அதுதான் சுறுசுறுப்பு. உங்கள் போர் தண்ணீரில் உப்பு நான்கு மடங்கு இருந்தால் கரண்ட்டும் நான்கு மடங்கு. ஹீட்டருக்கும் ஷவருக்கும் தூரம் குறைவாக இருந்தால் இன்னும் கூடும். 10 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் பிடித்த கை விடாமல் இறுகிக்கொள்ளும் நிலை வந்துவிடும். முன்பு இரும்புக் குழாய் காலத்தில் குழாயே மண்ணுக்குள் போய்க் கசிவை இழுத்துக்கொண்டது, அரைகுறையாகவாவது. இப்போது அதுவும் இல்லை. ஹீட்டரின் உடம்புக்கும் உள்தொட்டிக்கும் இருக்கிற ஒரே வழி அந்த மூன்றாவது ஒயர்தான்.

எலிமென்ட்டை மாற்றி, எர்த்தைத் திரும்ப மாட்டி, ஆர்சிசிபி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் தீர்ந்தது.

அரைக்கிணறு எழுதியது:

எர்த் ஒயர் இழுக்கச் சுவரை உடைக்க வேண்டும் என்றால் அதற்கு எளிய வழி இருக்கிறது. குளியலறைச் சுவருக்கு வெளியே மண்ணில் ஒரு செம்புக் கம்பி அடித்து, அதிலிருந்து நேராக ஹீட்டர் சாக்கெட்டுக்கு ஒயர். "தனி எர்த்" என்றால் இதுதானே? எங்கள் வீட்டில் அப்படித்தான்.

பழைய ஒயர்மேன் எழுதியது:

இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள் தம்பி. ஹீட்டர் கையேட்டில் தனி எர்த் என்று போட்டிருப்பது தனியாக ஒரு எர்த் ஒயர், நடுவில் வெட்டு இல்லாமல், சாக்கெட்டிலிருந்து போர்டின் எர்த் பட்டைக்கு என்பதைத்தான். தனிக் குழி என்று அர்த்தம் இல்லை.

நீங்கள் அடித்த கம்பி நல்ல ஈர மண்ணில் 10 ஓம் என்று வைப்போம், அது கிடைத்தாலே அதிர்ஷ்டம். ட்ரான்ஸ்ஃபார்மர் பக்க எர்த் 1 ஓம். ஹீட்டருக்குள் ஃபேஸ் உடம்பில் முழுசாக முட்டிவிட்டது. 230-ஐ 11-ஆல் வகுத்தால் 21 ஆம்பியர் ஓடும். உங்கள் எம்சிபி 20 ஆம்பியர். 21-க்கு அது விழாது, மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். அந்த நேரம் முழுக்க 11-ல் 10 பங்கு வோல்ட்டேஜ் உங்கள் கம்பியின் மேல், அதாவது ஹீட்டர் உடம்பில் 209 வோல்ட். எர்த் கொடுத்தாயிற்று என்கிற நம்பிக்கையோடு தொடுவீர்கள்.

அதே ஒயர் 15 மீட்டர் ஓடிப் போர்டுக்குப் போய், அங்கிருந்து மின் நிறுவனம் தருகிற எர்த் முனையோடு சேர்கிறது என்று பாருங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, போக வர 30 மீட்டர், மொத்தம் கால் ஓம்கூட வராது. வெளியே வருகிற இணைப்புக்கு அரை ஓம் சேர்த்தாலும் 300 ஆம்பியருக்கு மேல் ஓடும். எம்சிபி கண் இமைக்கும் நேரத்தில் விழும்.

மேல்மாடி எழுதியது:

எங்கள் வீட்டில் மீட்டருக்குப் பக்கத்தில் எங்களுடைய சொந்த எர்த் குழிதான் இருக்கிறது ஐயா. மின் இணைப்போடு எர்த் எதுவும் வரவில்லை. அப்படியானால் போர்டுக்கு ஒயர் இழுத்தாலும் அந்த 10 ஓம் கணக்குத்தானே வரும்?

பழைய ஒயர்மேன் எழுதியது:

சரியாகப் பிடித்தீர்கள். வரும். அந்த மாதிரி இணைப்பில் எம்சிபியை நம்பவே கூடாது, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். அது இருந்தால் குழி 100 ஓமாக இருந்தாலும் 2 ஆம்பியருக்கு மேல் கசியும், அது விழுவதற்கு 0.03 போதுமே. ஆனால் கசிவு போவதற்கு அந்த மூன்றாவது ஒயர் இருக்க வேண்டும். ஒயர் இல்லாமல் ஆர்சிசிபி மட்டும் இருந்தால் அது உங்கள் உடம்பு வழியாகக் கரண்ட் போகும்போதுதான் முதல் தடவையாகக் கவனிக்கும்.

அப்படியென்றால் அரைக்கிணறு தம்பியின் கம்பியும் ஆர்சிசிபி இருந்தால் வேலை செய்யுமே என்று கேட்பீர்கள். விழும், மறுக்கவில்லை. ஆனால் ஒரே குளியலறையில் ஹீட்டருக்கு ஒரு எர்த், வாஷிங் மெஷினுக்கு வேறு எர்த் என்று இருந்தால், ஒன்றில் பழுது வந்து ஆர்சிசிபியும் வேலை செய்யாத நேரத்தில் இரண்டுக்கும் இடையே வோல்ட்டேஜ் நிற்கும். ஒரு கை இதில், ஒரு கை அதில். வேண்டுமானால் கம்பி அடித்துக்கொள்ளுங்கள், அதையும் போர்டின் எர்த் பட்டையோடு சேர்த்துவிடுங்கள்.

அரைக்கிணறு எழுதியது:

ஆர்சிசிபி எங்கள் வீட்டில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. போர்டில் டெஸ்ட் என்று எழுதிய பட்டன் எதையும் பார்த்த நினைவில்லை. பார்க்கிறேன்.

மேல்மாடி எழுதியது:

வேலை முடிந்தது, யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

வேறு ஒருவரைக் கூப்பிட்டேன். போர்டிலிருந்து சாக்கெட் வரை கூரையோரமாக ஒரு பைப் ஓட்டி மூன்று ஒயரும் புதிதாக இழுத்தார், 4 சதுர மில்லிமீட்டர். 13 ஆம்பியருக்கு 2.5 போதுமே என்று கேட்டதற்கு, பழைய ஒயர்கள் இருக்கிற பைப்போடு சேர்ந்து சூடாகும் இடத்தில் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்றார். துண்டு ஒயர் போயிற்று. மாட்டும் முன் சாக்கெட்டின் எர்த் பின்னுக்கும் போர்டின் எர்த் பட்டைக்கும் இடையே மீட்டர் வைத்துக் காட்டினார், 0.2 ஓம். நியூட்ரலைப் போர்டில் கழற்றிவிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பார்த்தார், இணைப்பு இல்லை. அது எனக்குப் புரிந்த சோதனை. ஆர்சிசிபி 30 மில்லி.

வால்வு: அட்டைப் பெட்டியின் அடியில், தெர்மோகோலுக்குள் புதியது இருந்தது! 0.6 என்று குத்தியிருக்கிறது. இப்போது சுடும்போது மட்டும் சொட்டுகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. டியூப் வடிகாலுக்கு மேலே தொங்குகிறது.

ஷவர் முனையில் ஒரு பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தேன், ஹீட்டர் அணைத்த நிலையில். பம்ப் நின்றதும் 3.8. குழாய்க்காரர் கணக்கு கிட்டத்தட்ட அப்படியே. ஆனால் வாஷ்பேசின் நெம்புகோலைப் படக்கென்று மூடினால் முள் 6 வரை குதித்துத் திரும்புகிறது. இதற்கு என்ன செய்வது? அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று ஹீட்டருக்கு மட்டும் போடச் சொல்கிறார் பம்ப் விற்றவர்.

குழாய்க்காரர் எழுதியது:

ஹீட்டருக்கு மட்டும் போட வேண்டாம் என்பது என் கட்சி. சுடுநீர்ப் பக்கம் 2 பார், குளிர்நீர்ப் பக்கம் 3.8 என்று மிக்சருக்கு வந்தால் குளிர்நீர் அமுக்கி ஜெயித்துவிடும். நெம்புகோலை எவ்வளவு திருப்பினாலும் வெதுவெதுப்புதான். பம்புக்கு அடுத்து, வீடு முழுமைக்கும் ஒன்று வைத்து 2.5-க்கு இறக்குங்கள்.

நாலாவது மாடி எழுதியது:

நான் மாறுபடுகிறேன். வீடு முழுக்க இறக்கினால் பம்ப் வாங்கியதன் நோக்கமே போயிற்று. குதிப்பது நெம்புகோல் மூடும் வேகத்தால், நிற்கிற அழுத்தத்தால் இல்லை. பம்புக்குப் பக்கத்தில் காற்றுப் பை உள்ள சின்ன டேங்க் ஒன்று வைத்தால் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். எங்கள் வீட்டில் அதன் பிறகு குழாய் தட்டுகிற சத்தமும் நின்றது.

குழாய்க்காரர் எழுதியது:

டேங்க் பம்ப் பக்கத்தில் மொட்டை மாடியில் இருந்தால், அதிர்ச்சி பிறப்பது கீழே பேசின் பக்கத்தில். நடுவில் நீளக் குழாய். எவ்வளவு வாங்கும் என்று எனக்குச் சந்தேகம். பேசினுக்குப் பக்கத்தில் வைக்கிற சின்ன அரெஸ்டர் ஒன்று இருக்கிறது, அது பரவாயில்லை. மேல்மாடி சார், முதலில் செலவில்லாத ஒன்று: பேசினுக்குக் கீழே இருக்கும் ஆங்கிள் காக்கைப் பாதி மூடிவிட்டு, மறுபடி கேஜ் வைத்துப் படக்கென்று மூடுங்கள். ஓட்டம் குறைந்தால் குதிப்பும் குறைய வேண்டும். எவ்வளவு வருகிறது என்று சொல்லுங்கள், பிறகு எது வாங்குவது என்று சண்டை போடலாம்.

உப்புநீர் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எலிமென்ட்டைக் கழற்றினார்கள். குழலில் ஓரிடத்தில் பச்சை பூத்து, ஊசி நுழைகிற அளவு ஓட்டை. எர்த்தைத் திரும்ப மாட்டி, புது எலிமென்ட்டோடு காலையிலிருந்து ஓடுகிறது, ஆர்சிசிபி விழவில்லை. ஒயர்மேன் ஐயா, அடுத்து இது எப்போது அரிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா, அல்லது ஆர்சிசிபி விழும்வரை காத்திருக்க வேண்டியதுதானா?